பம்ப் மாற்றும் முன் கேஜைப் பாருங்கள்: தாராவி, மாட்டுங்கா, செம்பூர் சொசைட்டி கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்



மேல்தொட்டி நிரம்ப நேரமாகிறது என்று புகார் வந்ததும் நம் சொசைட்டிகளில் அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். பிளம்பர் வந்து பார்த்து, "5 எச்.பி. போதாது, 7½ போடுங்கள்" என்கிறார். மூன்று கொட்டேஷன் வாங்கி, குறைந்ததைப் பொதுக்குழுவில் வைத்துத் தீர்மானம் போடுகிறோம். அந்த மூன்று கொட்டேஷனிலும் எச்.பி. இருக்கும், விலை இருக்கும், வாரண்டி இருக்கும். எத்தனை மீட்டர் ஹெட்டில் எத்தனை லிட்டர் என்பது மட்டும் இருக்காது. அது இல்லாத கொட்டேஷனுக்குக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். அந்த இரண்டு எண்களையும் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். பள்ளிக்கூடப் பெருக்கலும் வகுத்தலும் போதும்.

மும்பையில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் பம்ப் எதற்கு என்பதிலிருந்து தொடங்குகிறேன். தான்சா, வைதர்ணா ஏரிகளின் தண்ணீர் பெரும்பாலும் சரிவின் போக்கிலேயே நகரத்துக்கு வருகிறது. பாட்சா தண்ணீரைப் பிசே, பாஞ்ச்ராபூர் நிலையங்களில் பம்ப் வைத்து ஏற்றுகிறார்கள். இவ்வளவு தூரம் வந்தாலும், நம் தெருக் குழாயை எட்டும்போது அதில் ஏழாம் மாடி ஏறும் அழுத்தம் இருப்பதில்லை. வருவதும் நாளில் சில மணி நேரம்தான். அதனால் வருகிற தண்ணீரைத் தரைக்குக் கீழே சம்ப்பில் பிடித்து, அங்கிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றுவது சொசைட்டியின் பொறுப்பாகிறது. தெருக் குழாயிலேயே பம்பை மாட்டி இழுப்பதற்கு அனுமதியில்லை. அப்படி இழுத்தால் குழாயில் வெற்றிடம் உண்டாகி, விரிசல் வழியே சாக்கடை நீர் உள்ளே வந்துவிடும். தாராவி போன்ற தாழ்வான இடத்தில் அது அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்காக முடியும்.

இனி கணக்கு. தாராவியில் தரையோடு சேர்த்து எட்டு தளம் கொண்ட மறுவாழ்வுக் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தளத்துக்கு 8 வீடு, மொத்தம் 64 வீடு. வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் 320 பேர். தேசியக் கட்டட விதித்தொகுப்பின் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். அப்படியானால் ஒரு நாளைக்கு 43,200 லிட்டர் வேண்டும். காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் பம்ப் ஓடுகிறது என்று வைத்தால், விநாடிக்கு 4 லிட்டர் ஏற வேண்டும். கொட்டேஷனில் இருக்க வேண்டிய முதல் எண் இது. ஓடும் நேரத்தை நீட்டினால் இந்த எண் குறையும். அதனால் ஓடும் நேரத்தை முடிவு செய்ய வேண்டியது கமிட்டிதான். பம்ப் கடைக்காரர் அல்ல.

அடுத்தது உயரம். பல இடங்களில் தளங்களை எண்ணி, பத்தடியால் பெருக்கி நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் அளக்க வேண்டியது சம்ப்பில் தண்ணீர் மிகவும் இறங்கியிருக்கும்போது உள்ள மட்டத்திலிருந்து, மேல்தொட்டியில் குழாய் வாய் திறக்கிற இடம் வரை. நம் கட்டடத்தில் சம்ப்பின் தாழ்ந்த மட்டம் தரையிலிருந்து 2.3 மீட்டர் கீழே. தரையிலிருந்து தளமேடை அரை மீட்டர். எட்டு தளம், தளத்துக்கு 2.9 மீட்டர் என்றால் 23.2 மீட்டர். டெரஸுக்கு மேலே படிக்கட்டு அறை, அதன் தலையில் தொட்டி, தொட்டியின் விளிம்பில் குழாய் வாய், இதற்கு 4 மீட்டர். கூட்டினால் சரியாக 30 மீட்டர். இதை ஸ்டாட்டிக் ஹெட் என்பார்கள். பம்ப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், குழாய் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இந்த 30 மீட்டரைக் குறைக்க முடியாது. குழாய் தொட்டியின் மேல்விளிம்பில் திறப்பதால், தொட்டி காலியாக இருந்தாலும் பாதி நிறைந்திருந்தாலும் இந்த எண் மாறாது.

மாறுவது உராய்வு. குழாய்ச் சுவரோடு உரசியும், எல்போக்களில் திரும்பியும், வால்வுகளில் நெரிபட்டும் தண்ணீர் தன் அழுத்தத்தை இழக்கிறது. அந்த இழப்பையும் மீட்டராகவே கணக்கிட்டு உயரத்தோடு கூட்டுகிறோம். நம் கட்டடத்தில் நிமிர்ந்தும் படுத்தும் ஓடுகிற குழாய் 45 மீட்டர். எல்போ, ஃபுட் வால்வ், நான்-ரிட்டர்ன் வால்வ், கேட் வால்வ் எல்லாவற்றையும் அவற்றுக்குச் சமமான நேர்க்குழாய் நீளமாக மாற்றினால் இன்னொரு 20 மீட்டர். ஆக 65 மீட்டர் குழாய். 2 இன்ச் ஜி.ஐ. குழாய், சில ஆண்டுகள் பழகியது என்றால், விநாடிக்கு 4 லிட்டர் போகும்போது நூறு மீட்டருக்கு ஏறக்குறைய 12½ மீட்டர் இழப்பு. 65 மீட்டருக்கு 8 மீட்டர். ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரம் தருகிற எண் இது. உங்கள் பிளம்பரிடமோ குழாய் கம்பெனியிடமோ அட்டவணையாகவே கிடைக்கும்.

குழாயின் விட்டம் இந்த எண்ணை எப்படி ஆட்டுகிறது என்பதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதே 4 லிட்டரை 1½ இன்ச் குழாயில் அனுப்பினால் 8 மீட்டர் இழப்பு 25 மீட்டராகிவிடும். 2½ இன்ச் குழாயில் அனுப்பினால் 2 மீட்டர் சொச்சத்துக்கு இறங்கிவிடும். விட்டத்தில் அரை இன்ச் வித்தியாசம், இழப்பில் மூன்று நான்கு மடங்கு. ஏனென்றால் உராய்வு விட்டத்தின் ஏறக்குறைய ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழாகப் போகிறது. "2 இன்ச் கிடைக்கவில்லை, ஒன்றரை போட்டுவிட்டேன், பம்ப் பவர்ஃபுல்தான், தள்ளிவிடும்" என்று யாராவது சொன்னால், அதற்கான மின்கட்டணத்தை அந்தக் குழாய் இருக்கும் காலம் முழுக்க உங்கள் சொசைட்டிதான் கட்டும்.

30 மீட்டர் உயரம், 8 மீட்டர் உராய்வு, குழாய் வாயில் தண்ணீர் தாராளமாக விழுவதற்கும் சிறு பிசகுகளுக்குமாக 2 மீட்டர். மொத்தம் 40 மீட்டர். இது இரண்டாவது எண்.

இந்த இரண்டு எண்களிலிருந்து சக்தி தானாக வரும். விநாடிக்கு எத்தனை லிட்டரோ அதை மீட்டரால் பெருக்கி 102ஆல் வகுத்தால் தண்ணீருக்குள் போக வேண்டிய கிலோவாட் கிடைக்கும். 4ஐ 40ஆல் பெருக்கினால் 160. 102ஆல் வகுத்தால் 1.57 கிலோவாட். ஆனால் இந்த அளவு சிறிய பம்ப், தன்னிடம் வருகிற சக்தியில் பாதியைத்தான் தண்ணீருக்குத் தருகிறது. எனவே தண்டுக்கு 3.14 கிலோவாட் வேண்டும், அதாவது 4.2 எச்.பி. கடையில் அடுத்துக் கிடைக்கும் அளவு 5 எச்.பி. மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் மீட்டரில் ஏறுவது சுமார் 3.7 கிலோவாட், மூன்று மணி நேரத்துக்கு 11 யூனிட். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு எண்ணும் தருகிறேன். ஆயிரம் லிட்டரை 30 மீட்டர் ஏற்ற இயற்கை கேட்பது 0.082 யூனிட்தான். 43,200 லிட்டருக்கு மூன்றரை யூனிட். அதற்கு மேல் போவதெல்லாம் பம்பின் இழப்பு, மோட்டாரின் இழப்பு, குழாயின் உராய்வு. இந்த மூன்றில் எது உங்கள் காசைத் தின்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் கமிட்டி நேரம் செலவிட வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க வேண்டிய கருவி ஒரு பிரஷர் கேஜ். பம்பிலிருந்து மேலே போகும் குழாயில், நான்-ரிட்டர்ன் வால்வைத் தாண்டி, தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில் ஒரு டி போட்டு, சின்ன பால் வால்வோடு மாட்டச் சொல்லுங்கள். 0 முதல் 7 கிலோ வரை காட்டுகிற கேஜ் போதும். பிளம்பர்கள் 'கிலோ' என்று சொல்வது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு கிலோ காட்டும். நான்-ரிட்டர்ன் வால்வுக்கு முன்னால் மாட்டினால் பம்ப் நின்றதும் முள் பூஜ்யத்துக்குப் போய்விடும், பாதிச் செய்தி கிடைக்காது. அதனால் இடத்தை நீங்களே நின்று காட்டுங்கள்.

பம்ப் நின்றிருக்கும்போது கேஜ் காட்டுவது அதற்கு மேலே நிற்கும் தண்ணீர்த் தூணின் உயரம். நம் கட்டடத்தில் 27 மீட்டர், அதாவது 2.7 கிலோ. இரவு பம்பை நிறுத்தி, காலையில் பார்க்கும்போது முள் 2.7லேயே நின்றால் வால்வு நன்றாகப் பிடிக்கிறது. இறங்கியிருந்தால் தண்ணீர் சம்ப்புக்குத் திரும்புகிறது, நீங்கள் ஏற்றியதையே மறுபடி ஏற்றுகிறீர்கள்.

பம்ப் ஓடும்போது முள் ஏறும். ஏறுகிற அந்தக் கூடுதல்தான் மேலே போகும் குழாயின் உராய்வு. குழாய் நன்றாக இருந்து 4 லிட்டர் போனால் 3.4 கிலோவை ஒட்டிக் காட்டும்.

இதோடு ஒரு கடிகாரமும் வேண்டும். மேல்தொட்டியின் உள்ளளவு 4 மீட்டருக்கு 3 மீட்டர் என்றால், தண்ணீர் 10 சென்டிமீட்டர் ஏறினால் 1,200 லிட்டர் வந்திருக்கிறது. வீடுகளுக்குப் போகும் வால்வுகளை ஐந்து பத்து நிமிடம் மூடிவிட்டு, தொட்டிச் சுவரில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு, எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று பாருங்கள். 5 நிமிடத்தில் ஏறினால் விநாடிக்கு 4 லிட்டர். எல்லாம் சரி.

7 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது விநாடிக்கு 2.8 லிட்டர் சொச்சம்தான் வருகிறது. "பம்ப் வீக்காகிவிட்டது" என்று எல்லோரும் முடிவு கட்டுகிற இடம் இது. கீழே இறங்கிக் கேஜைப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வர வேண்டாம். முள் 3 கிலோவை ஒட்டி நின்றால் சந்தேகம் பம்ப் பக்கம். இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். ஃபுட் வால்வின் சல்லடையில் குப்பை அடைத்திருக்கலாம். அப்போது முள் நடுங்கும், பம்புக்குள் சரளைக்கல் உருள்வதுபோல் சத்தம் கேட்கும். அண்மையில் கேபிள் மாற்றியிருந்தால் மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறி, மோட்டார் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கலாம். தலைகீழாகச் சுற்றினாலும் இந்தப் பம்புகள் கொஞ்சம் தண்ணீர் தள்ளும், அதனால் யாருக்கும் உடனே சந்தேகம் வராது. பம்பின் உடலில் அம்புக்குறி இருக்கும். அதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

முள் 3 கிலோவில் இல்லாமல் 4.2 கிலோவில் நின்றால் கதையே வேறு. அந்தப் பம்ப் முன்பைவிட அதிக அழுத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர் குறையும்போது அழுத்தம் கூடுவது சென்ட்ரிஃப்யூகல் பம்பின் இயல்பு. நிற்கும்போது 2.7, ஓடும்போது 4.2, வித்தியாசம் 1.5 கிலோ, அதாவது 15 மீட்டர் உராய்வு. 2.8 லிட்டருக்கு நல்ல குழாயில் இருக்க வேண்டியது மூன்றரை மீட்டர். நான்கு மடங்குக்கு மேல். குழாய்க்குள் துருக்கட்டி படிந்து, 2 இன்ச் வழி ஒன்றரை இன்ச்சாகச் சுருங்கிவிட்டது, அல்லது ஏதோ ஒரு வால்வின் கதவு கழன்று பாதி மூடிக் கிடக்கிறது என்று அர்த்தம். இந்தப் பம்பைக் கழற்றி எறிவது குற்றமற்றவனைத் தண்டிக்கும் வேலை.

அந்த நிலையில் 7½ எச்.பி. போட்டால் என்ன ஆகும்? தண்ணீர் வரும். அதனால்தான் இந்தத் தவறு பிடிபடுவதில்லை. அந்தச் சுருங்கிய குழாயில் 4 லிட்டரைத் தள்ள உராய்வுக்கு மட்டும் 28 மீட்டர் வேண்டும். மொத்த ஹெட் 60 மீட்டர். தண்டுக்கு 4.7 கிலோவாட், நாளைக்கு 16 யூனிட்டுக்கு மேல். அதற்குப் பதில், மேலே போகும் குழாயை 2½ இன்ச்சாக மாற்றினால் மொத்த ஹெட் 34 மீட்டர் அளவுக்கு இறங்கும். 4 லிட்டருக்கு ஒன்பது, ஒன்பதரை யூனிட் போதும். நாளைக்கு ஏழு யூனிட் என்றால் ஆண்டுக்கு 2,500க்கு மேல். உங்கள் பொது மீட்டரின் யூனிட் விலையால் பெருக்கி, குழாய் மாற்றும் செலவோடு பொதுக்குழுவில் வைத்துப் பாருங்கள். புதுக் குழாயில் அதே பழைய 5 எச்.பி. பம்பே 4 லிட்டருக்குக் கூடவும் தரும்.

பெரிய பம்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. 60 மீட்டருக்கென்று வாங்கிய பம்ப் இருக்கும்போது, இரண்டு ஆண்டு கழித்து யாராவது குழாயை மாற்றிவிட்டால், அதன் முன்னே 35 மீட்டர்தான் இருக்கும். எதிர்ப்பு குறைந்ததும் பம்ப் தேவைக்கு மேல் தண்ணீரை அள்ளும், மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும், ஸ்டார்ட்டர் அடிக்கடி ட்ரிப் ஆகும். பிறகு ஒருவர் வந்து டெலிவரி வால்வைப் பாதி மூடி 'சரிசெய்வார்'. ட்ரிப் நிற்கும். காசு கொடுத்து உண்டாக்கிய அழுத்தத்தை அந்த வால்வில் கொன்றுகொண்டிருப்போம். உங்கள் பம்ப் அறையில் பாதி மூடிய வால்வு ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். பம்பின் பெயர்ப்பலகையில் 'ஹெட் ரேஞ்ச்' என்று இரண்டு எண் போட்டிருக்கும். நீங்கள் கணக்கிட்ட ஹெட் அவை இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும், ஓரத்தில் அல்ல.

தாராவிக்காரர்களுக்கும் செம்பூரின் தாழ்வான பகுதிகளுக்கும் தனியாக ஒன்று. 2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் புகுகிற பம்ப் அறைகளில் பம்பை மேடை கட்டி உயர்த்துவது நல்ல யோசனை. உயர்த்தினால் மொத்த ஹெட் கூடிவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். கூடாது. சம்ப்பும் தொட்டியும் அதே இடத்தில்தானே இருக்கின்றன. மாறுவது உறிஞ்சும் பக்கம். பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை, காற்றழுத்தம்தான் மேலே தள்ளுகிறது. அது கடல்மட்டத்தில் 10.3 மீட்டருக்கு மேல் தள்ளாது. உறிஞ்சும் குழாயின் உராய்வும், பம்பின் வாயில் நீர் கொதிக்காமல் இருக்கத் தேவையான அழுத்தமும் போக, நடைமுறையில் ஐந்து ஐந்தரை மீட்டருக்குள் நிற்பது நல்லது. நம் கட்டடத்தில் தாழ்ந்த மட்டத்திலிருந்து பம்பின் மையம் வரை 3 மீட்டர் என்றால், இன்னும் ஒரு மீட்டர் உயர்த்தலாம். உறிஞ்சும் குழாயை மட்டும் டெலிவரியைவிட ஒரு அளவு பெரியதாகவும், வளைவு குறைவாகவும், பம்பை நோக்கி ஏறுமுகமாகவும் போடச் சொல்லுங்கள். நடுவில் மேடு விழுந்தால் காற்று அங்கே தங்கி, பம்ப் அடிக்கடி தண்ணீர் பிடிக்காமல் போகும்.

மாட்டுங்காவில் மூன்று நான்கு மாடிக் கட்டடங்களில் இருப்போருக்கு ஸ்டாட்டிக் ஹெட் பதினைந்து, பதினெட்டு மீட்டர்தான் இருக்கும். அங்கே பழைய ஜி.ஐ. குழாயின் உராய்வு மொத்த ஹெட்டில் பெரும்பங்காக இருக்கக்கூடும் என்பதால் கேஜ் உங்களுக்கு இன்னும் அதிகம் சொல்லும். செம்பூரில் மறுகட்டுமானம் முடிந்து இருபது மாடிக்குப் போனவர்களுக்கு உயரமே பெரும்பங்கு. உங்களிடம் குழாயைவிடப் பம்பின் திறனும், எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள் என்பதும்தான் பேசும். கணக்கு எல்லோருக்கும் ஒன்றே.

அடுத்த கொட்டேஷன் கேட்கும்போது இப்படி எழுதுங்கள்: "விநாடிக்கு 4 லிட்டர், மொத்த ஹெட் 40 மீட்டர், அந்தப் புள்ளியில் பம்ப்செட்டின் மொத்தத் திறன் எத்தனை சதவீதம், ஹெட் ரேஞ்ச் என்ன, வளைகோட்டு வரைபடம் இணைக்கவும்." எண்கள் உங்கள் கட்டடத்தின் எண்களாக இருக்கட்டும். கோயம்புத்தூரில் செய்ததோ ராஜ்கோட்டில் செய்ததோ, முறையாகப் பம்ப் செய்கிற எந்தக் கம்பெனியிடமும் இந்த வரைபடம் இருக்கும். பம்ப் பொருத்தும் நாளில் கேஜ் நிற்கும்போது காட்டியது, ஓடும்போது காட்டியது, தொட்டியில் 10 சென்டிமீட்டர் ஏற எடுத்த நேரம், மோட்டார் இழுத்த ஆம்பியர் ஆகிய நான்கையும் பெயின்டால் பம்ப் அறைச் சுவரில் தேதியோடு எழுதி வைத்துவிட்டுத்தான் பில்லுக்குப் பணம் கொடுங்கள்.

அன்புடன்,
மாட்டுங்காவிலிருந்து ஒரு பம்ப் பொறியாளர்